மும்முனை மின்சார நேரத்துக்கு ஏற்பத் தண்ணீர் கட்டும் ஆட்களுக்கு முறை போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களை மனதில் வைத்து எழுதியது இது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், இரண்டு ஆட்கள், மூன்று பயிர்கள் என்ற அளவிலான தோட்டத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் தோட்டத்தின் எண்கள் வேறாக இருக்கும்; போடும் முறை அதேதான்.

எங்களுக்கு 9 மணி நேரம் மும்முனை மின்சாரம் என்கிறார்கள். 9 மணி நேரத்துக்கும் ஆள் போட வேண்டுமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகளுக்குப் பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று மும்முனை மின்சாரம் தருவது பல ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு. பீடர்களைக் குழுக்களாகப் பிரித்துத் தருவதால் உங்கள் தோட்டத்துக்குக் காலை 9 மணிக்கு வருவது அடுத்த ஊருக்கு வேறு நேரத்தில் வரும். உங்கள் பீடருக்கு இன்றைய நேரம் எது என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லும் நேரம் பெரும்பாலும் போன மாதத்து நேரமாக இருக்கும்.

அறிவிக்கப்பட்ட நேரம் வேறு, மோட்டார் உருப்படியாக ஓடும் நேரம் வேறு. இடையில் போய்விட்டு வரும் மின்சாரம், தொடக்கத்தில் மின்னழுத்தம் குறைந்து நிற்கும் சில நிமிடங்கள், ஒரு முனை விழுந்துபோன பொழுது எல்லாம் கழிந்தால் 6 மணி நேரம் 5 ஆகலாம், 3 மணி நேரம் இரண்டரை ஆகலாம். ஆட்களுக்கு முறை போட வேண்டியது இந்தக் கழித்த கணக்கில். அதைவிட முக்கியமானது, எந்த வேலைக்கு ஆள் கூடவே நிற்க வேண்டும், எந்த வேலைக்கு ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று பிரிப்பது. வாய்க்காலில் விட்டு மடை மாற்றும் பாசனத்துக்கு ஆள் நின்றே ஆக வேண்டும். சொட்டுநீருக்கும் தொட்டி நிரப்புவதற்கும் நிற்க வேண்டியதில்லை. முதல் வகையைப் பகலிலும் இரண்டாம் வகையை இரவிலும் போட்டுவிட்டால் முறைப் பிரச்சினையில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும். பல தோட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பகலில் யாரும் பார்க்காமல் சொட்டுநீர் ஓடும். ராத்திரியில் டார்ச் லைட்டோடு ஒருவர் மஞ்சளுக்கு மடை மாற்றிக்கொண்டிருப்பார்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் பார்த்தால் போதும். 20 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 600 லிட்டர், மணிக்கு 36,000 லிட்டர். ஏழரை குதிரைத்திறன் மோட்டார் 30 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும்போது இந்த அளவு வருவது இயல்பு. கிணற்றில் தண்ணீர் இறங்கிய பிறகு இன்னொரு முறை அளந்து பாருங்கள், குறைந்திருக்கும்.

இனி பயிர். நம் எடுத்துக்காட்டுத் தோட்டத்தில் மஞ்சள் 3 ஏக்கர், வாழை 3 ஏக்கர், தென்னை 3 ஏக்கர். மஞ்சளுக்கு வாய்க்கால் பாசனம், மற்ற இரண்டுக்கும் சொட்டுநீர்.

மஞ்சளுக்கு வாரம் ஒரு தண்ணீர், ஒவ்வொரு முறையும் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 36,000 என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மூன்று ஏக்கருக்கு வாரம் 17 மணி நேரம்.

வாழை ஏக்கருக்கு ஆயிரம் கன்று, ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் இரண்டு. அப்படியானால் 3 ஏக்கரும் சேர்ந்து மணிக்கு 24,000 லிட்டர் இழுக்கும். தென்னை ஏக்கருக்கு 70 மரம், மொத்தம் 210. மரத்துக்கு 8 லிட்டர் சொட்டுவான் நான்கு வைத்தால் மணிக்கு 7,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் மணிக்கு 31,000 லிட்டர். சொட்டுநீருக்கு அழுத்தமும் தேவைப்படுவதால் மோட்டாரின் ஓட்டம் 36,000-இலிருந்து இறங்கி ஏறக்குறைய இந்த இடத்தில் வந்து நிற்கும். இரண்டரை மணி நேரம் ஓடினால் வாழைக் கன்றுக்கு 20 லிட்டரும் தென்னை மரத்துக்கு 80 லிட்டரும் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் வால்வு மாற்ற வேண்டியதே இல்லை. இரவு மின்சாரத்தில் உருப்படியாகக் கிடைப்பதும் அதே இரண்டரை மணி நேரம்தான் என்பதைக் கவனியுங்கள். சொட்டுநீர் அமைக்கும்போதே இரவு நேரத்துக்குள் முடியும்படி பிரிவுகளைப் போடச் சொல்வது நல்லது. ஆறு பிரிவாகப் பிரித்து அரை மணிக்கு ஒரு வால்வு திருப்பும்படி போட்டுவிட்டால், ஒரு மனிதரை ஆண்டு முழுவதும் ராத்திரியில் எழுப்பப் போகிறீர்கள் என்று பொருள்.

ஆக வாரத் தேவை: மஞ்சளுக்கு 17, சொட்டுநீருக்கு 17.5. மொத்தம் 34.5 மணி நேரம். கிடைப்பது பகலில் 35, இரவில் 17.5.

கணக்குப்படி மின்சாரம் மிச்சம் இருக்கிறதே. பிறகு ஏன் தண்ணீர் பற்றவில்லை?

கிணற்றைக் கேட்க வேண்டும். மின்சாரம் எத்தனை மணி நேரம் வந்தாலும் ஊற்று தருவதற்கு மேல் மோட்டாரால் எடுக்க முடியாது.

கிணறு 8 மீட்டருக்கு 8 மீட்டர் சதுரம் என்று கொள்வோம். மோட்டாரை நிறுத்தியதும் நீர்மட்டத்தில் ஒரு அடையாளம் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 15 சென்டிமீட்டர் ஏறினால் மணிக்கு 9,600 லிட்டர் ஊறுகிறது. ஒரு நாளைக்கு 2.3 லட்சம் லிட்டர். மோட்டார் ஓட்டத்தில் இது ஆறரை மணி நேரம்கூட இல்லை. மட்டம் ஏற ஏற ஊற்றின் வேகம் குறையும் என்பதால் இது தோராயக் கணக்குதான், ஆனாலும் முறை போடுவதற்குப் போதும். வாரத்துக்கு 45 மணி நேரம் கிடைக்கும், தேவை 34.5. சமாளிக்கலாம்.

ஏப்ரலில் அதே கிணறு மணிக்கு 8 சென்டிமீட்டர்தான் ஏறுகிறது என்றால் நாளைக்கு மூன்றரை மணி நேர ஓட்டம்கூட வராது. வாரத்துக்கு 24 மணி நேரம். அப்போது ஆட்களின் முறையை எப்படி மாற்றினாலும் தண்ணீர் கூடாது. எந்தப் பயிரைக் குறைப்பது என்று முடிவு செய்வது உரிமையாளர் வேலை. அந்த முடிவை எடுக்காமல் தள்ளிப்போட்டால் அது தண்ணீர் கட்டும் ஆளின் தலையில் விழுந்து, கடைசி மடைப் பயிர் காயும், திட்டு அவருக்குக் கிடைக்கும்.

கோடையில் இரவு முறையைப் பற்றி இன்னொன்று. பிற்பகல் 3 மணிக்குப் பகல் மின்சாரம் முடிந்து இரவு 10 மணிக்கு அடுத்தது வந்தால் இடையில் 7 மணி நேரம். மணிக்கு 8 சென்டிமீட்டர் ஊறும் கிணற்றில் அந்த இடைவெளியில் சேர்வது சுமார் 36,000 லிட்டர், அதாவது ஒரு மணி நேர ஓட்டம். அந்த ஒரு மணி நேரத் தண்ணீருக்காக ஒருவரை மூன்று மணி நேரம் கண்விழிக்க வைப்பதில் அர்த்தமில்லை.

சரி, இரண்டு ஆட்களுக்கு வார முறையை எப்படிப் போடுவது?

ஒருவர் சாளையிலேயே குடும்பத்தோடு குடியிருக்கிறார், இன்னொருவர் ஊரிலிருந்து மொபெட்டில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல தோட்டங்களில் நிலைமை இதுதான். மின்சாரம் பகல் 9 முதல் 3 வரை, இரவு 10 முதல் 1 வரை.

திங்கள் முதல் வியாழன் வரை மஞ்சள். ஊரிலிருந்து வருபவர் பொறுப்பு. அவர் 9 மணிக்கு வந்தால் தாமதம். 8 மணிக்கே வந்து வாய்க்காலை ஒரு நடை நடந்து, எலி வளையும் நண்டு வளையும் இருக்கும் இடங்களை மிதித்து அடைத்து, அன்றைய முதல் மடையை வெட்டி வைத்திருக்க வேண்டும். மின்சாரம் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடினால் போகும் நேரம் மோட்டார் நேரம். மணிக்கு 36,000 லிட்டர் வரும் வாய்க்காலை ஒருவரே சமாளிக்கலாம், ஆனால் இடையில் நகர முடியாது. அதனால் 12.30 மணி வாக்கில் சாளையில் இருப்பவர் அரை மணி நேரம் வந்து மடையைப் பார்த்துக்கொள்ள, இவர் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். இந்த அரை மணி நேரத்தை முறையில் எழுதாத தோட்டங்களில்தான் சாப்பாட்டு நேரத்தில் வரப்பு உடைகிறது.

ஒரு ஏக்கருக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும், பகலில் உருப்படியாகக் கிடைப்பது 5. எனவே ஒரு நாளில் ஒரு ஏக்கர் முடியாது. மிச்சம் அடுத்த நாளுக்குப் போகும். மூன்று ஏக்கரும் மூன்று நாளும் கொஞ்சமும் பிடிக்கும். வியாழக்கிழமை பாதியில் மஞ்சள் முடிந்துவிடும். அன்றைய மிச்ச நேரத்தில் மோட்டாரை நிறுத்திக் கிணற்றை ஊற விடுங்கள். முந்தைய மூன்று நாளும் ஊறுவதைவிடச் சற்று அதிகமாகவே எடுத்திருப்பீர்கள்.

வெள்ளி பகலில் வாழைக்குச் சொட்டுநீர் வழி உரம். இதைச் செய்வது சாளையில் இருப்பவர். அன்றிரவு சொட்டுநீர் வேண்டாம். சனி பகல் காலியாக இருக்கட்டும். வாரத்தில் எந்த நாள் மின்சாரம் கெட்டுப்போனாலும் அந்த வேலை அங்கே போய் உட்காரும். ஞாயிறு ஊரிலிருந்து வருபவருக்கு விடுமுறை.

இரவுச் சொட்டுநீர் வாரத்தில் ஆறு நாள். சாளையில் இருப்பவர் 10 மணிக்கு மோட்டார் எடுத்ததும் வடிகட்டிப் பக்கம் போய் அழுத்தமானியைப் பார்த்து, வாழை வரிசை ஒன்றின் கடைசிச் சொட்டுவானில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம். கால் மணி நேர வேலை. ஆனால் வாரத்தில் இரண்டு இரவாவது அந்தக் கால் மணி நேரத்தையும் வேறொருவர் பார்க்க வேண்டும். உரிமையாளர் தோட்டத்தில் இருந்தால் அவரே பார்க்கலாம். எல்லா இரவும் ஒருவர் மேல் எழுதப்பட்டால் அவர் சாளையை விட்டு ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாது.

ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். இரவில் யாரும் எழ வேண்டியதில்லை அல்லவா?

மோட்டாரைப் பொறுத்தது. நீர்மூழ்கி மோட்டாராக இருந்து, பேனலில் ஒரு முனை விழுந்தால் நிறுத்தும் கருவியும் தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் கருவியும் வேலை செய்தால், எழாமல் இருக்கலாம். மோனோபிளாக் என்றால் புட் வால்வு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அது கொஞ்சம் கசிந்தாலும் மின்சாரம் நின்ற நேரத்தில் குழாயில் இருந்த தண்ணீர் கிணற்றுக்கு இறங்கிவிடும். திரும்ப மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வெறும் காற்றில் மோட்டாரைச் சுற்றும். வாளியில் சாணம் கரைத்து ஊற்றித் தண்ணீர் இழுக்க வைக்கும் பழைய வித்தையை அறிந்தவர்களுக்கு இது புரியும். அந்த வித்தை தேவைப்படுகிற மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருந்தாது. முதலில் வால்வை மாற்றுங்கள்.

இன்னொரு சிக்கல், எல்லோரும் ஆட்டோவில் போட்டிருப்பது. மின்சாரம் வந்த அந்த நொடியில் பீடரில் உள்ள எல்லா மோட்டாரும் சேர்ந்து எழுந்தால் மின்னழுத்தம் படுத்துவிடும், டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகும். ஸ்டார்ட்டரில் தாமத நேரம் வைக்கும் வசதி உண்டு. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்கள் பேசி, ஒருவருக்கு 2 நிமிடம், அடுத்தவருக்கு 4, அதற்கடுத்தவருக்கு 6 என்று பிரித்து வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. 2018 ஜனவரி 1 முதல் தெலங்கானாவில் விவசாயத்துக்கு 24 மணி நேர மின்சாரம் கொடுக்கத் தொடங்கியபோது, நிலத்தடி நீர் வீணாகும் என்று அந்த அரசே ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொன்னது. கட்டணமில்லாத மின்சாரமும் தானாக எழும் மோட்டாரும் சேர்ந்தால் கிணற்றின் நிலை என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்ததில் நியாயம் இருக்கிறது. நிறுத்தும் நேரத்தையும் டைமரில் போட்டு வையுங்கள்.

கைபேசி வழி இயக்கும் கருவி வைப்பவர்கள், மோட்டார் ஓடுகிறதா என்பதோடு ஆம்பியரும் காட்டும் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. 'ஓடுகிறது' என்ற குறுஞ்செய்திக்கும் தண்ணீர் வருகிறது என்பதற்கும் சம்பந்தமில்லாத ராத்திரிகள் உண்டு. வழக்கமான ஆம்பியரைவிட நன்றாகக் குறைந்தால் மோட்டார் காற்றில் ஓடுகிறது. தகட்டில் எழுதியிருப்பதைத் தாண்டினால் மின்னழுத்தம் குறைந்திருக்கிறது அல்லது பம்பு சிக்குகிறது.

பாசனம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் ஆள் என்ன செய்ய வேண்டும்?

மஞ்சள் வயலில் என்றால், தண்ணீர் எந்தப் பார் வரை ஏறியது என்று ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கலாம். வாய்க்கால் சுத்தம், களை என்று வேலை இருக்கும். அரை மணிக்குப் பிறகும் வராவிட்டால் வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். மீண்டும் வந்ததும் குச்சி இருக்கும் இடத்திலிருந்து தொடர வேண்டும். முதல் மடையிலிருந்து திரும்பத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். தலைமடை இரண்டு முறை குடிக்கும், கடைமடை காயும்.

மண் வாய்க்கால் என்றால் ஒவ்வொரு தடங்கலும் நின்ற நேரத்தைவிடக் கூடுதலாகத் தின்னும். நீளமான வாய்க்கால் உலர்ந்துவிட்டால் அதை நனைத்துத் தண்ணீர் வயல் போய்ச் சேரவே பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். நாளில் நான்கு முறை போய் வந்தால் ஒரு மணி நேரம் வாய்க்காலுக்கே சரி. இப்படிப்பட்ட பீடரில் இருப்பவர்கள் ஆள் கூட்டுவதற்கு முன் வயல் வரை குழாய் புதைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

உரம் ஓடிக்கொண்டிருக்கும்போது போனால் நிலைமை வேறு. உரக் கரைசல் குழாயிலேயே நின்று சொட்டுவானை அடைக்கும். அதனால்தான் உரத்தை இரவில் போடக் கூடாது என்கிறேன். பகலில் மின்சாரம் வந்து அரை மணி நேரம் நிலையாக ஓடிய பிறகு உரத்தைத் திறந்து, முடிந்ததும் குறைந்தது கால் மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட விட வேண்டும். நடுவில் நின்றுவிட்டால், அடுத்து எப்போது மின்சாரம் வந்தாலும் முதல் வேலை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுவது. இதை நோட்டில் எழுதி, ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு துணியைக் கட்டி வைத்தால் இரவில் பார்ப்பவருக்கும் தெரியும்.

மற்ற நேரத்தில் இருமுனை இருக்கிறது. கண்டென்சர் போட்டு ஓட்டலாமா? பக்கத்தில் எல்லோரும் ஓட்டுகிறார்கள்.

முறைக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். மின்வாரியம் அதை அனுமதிப்பதில்லை. பேச்சுக்கு அதை ஒதுக்கி வைத்தாலும், மும்முனை மோட்டாரை இருமுனையில் ஓட்டும்போது சுருள்களில் மின்னோட்டம் சமமாக இருக்காது. சூடேறும், தண்ணீரும் குறைவாக வரும். மோட்டார் கருகினால் கழற்றி, சுருள் கட்டி, திரும்ப இறக்கும் வரை பயிர் காத்திருக்க வேண்டும். மஞ்சளும் வாழையும் கோடையில் அத்தனை நாள் காத்திருக்காது. அதோடு, இருமுனை ஓட்டத்துக்கு ஆள் முழு நேரமும் ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வேறு வேலை எதுவும் நடக்காது.

மின்வாரியப் பராமரிப்பு நாளன்று ஆட்களை என்ன செய்வது?

துணைமின் நிலையங்களில் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். எந்தெந்த ஊர் என்று முன்கூட்டியே நாளிதழில் வரும். பகல் மின்சாரம் 9 முதல் 3 வரை உள்ளவர்களுக்கு அன்றைய நாளே போனது போலத்தான். எனவே அந்த நாளை முறையில் விடுமுறையாக மாற்றி, ஞாயிறை வேலை நாளாக்கிவிடுங்கள். வடிகட்டி கழுவுவது, சொட்டுநீர்க் குழாயின் முனைகளைத் திறந்து அழுக்கை வெளியேற்றுவது போன்ற வேலைகளுக்குத் தண்ணீர் அழுத்தம் வேண்டும் என்பதால் அவை அன்று நடக்காது. பேனல் துடைப்பது, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தளர்ந்த ஒயரை எலக்ட்ரீஷியனை வைத்து முறுக்குவது நடக்கும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி உங்கள் ஆளைக் கம்பத்தில் மட்டும் ஏற்றாதீர்கள்.

அறிவிக்காமல் போகும் மின்சாரத்துக்கு 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் புகார் பதியலாம். மின் இணைப்பு எண்ணைச் சாளைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்; கேட்பார்கள்.

இரவு முறைக்குத் தனிக் கூலி தர வேண்டுமா? மின்சாரமே வராத இரவுக்கும் தர வேண்டுமா?

இரண்டுக்கும் ஆம் என்பதே என் கருத்து. காத்திருந்ததற்குத்தான் கூலி, மின்சாரம் வராதது அவர் குற்றமில்லை. மாதச் சம்பளத்தில் இருப்பவரிடம் 'இதுவும் சேர்த்துத்தான்' என்று சொல்வது பழைய பழக்கம். அப்படிச் சொன்ன தோட்டங்களில் இப்போது ஆள் நிற்பதில்லை. பக்கத்திலேயே பனியன் கம்பெனி இருக்கிறது.

நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான். மடை மாற்ற வேண்டியிருந்து முழு நேரமும் நிற்கும் இரவுக்கு அரை நாள் கூலி கூடுதல், மறுநாள் காலை 11 மணி வரை வேலை இல்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் படுக்கும் இரவுக்கு ஒரு சிறு தொகை, மாதக் கடைசியில் மொத்தமாக. குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை மின்சாரம் வராவிட்டால் படுத்துவிடலாம், தொகை உண்டு. இந்த ஒரு மணி நேர வரம்பை வாயால் சொன்னால் போதாது. 'ஐயா என்ன சொல்வாரோ' என்று விடியும் வரை ஸ்டார்ட்டர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முறைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இரவில் போகும் ஆளின் பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

ஈரக் காலோடு ஸ்டார்ட்டரைத் தொடுவதுதான் முதல் ஆபத்து. ஸ்டார்ட்டர் அறையில் ரப்பர் விரிப்பு அல்லது உலர்ந்த பலகை, சரியான எர்த், கசிவு மின்சாரம் வந்தால் துண்டிக்கும் கருவி மூன்றும் வேண்டும். பெட்டி உடம்பில் லேசாகச் சுருக்கென்று அடிக்கிறது என்று ஆள் சொன்னால், அன்றே மோட்டாரை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 'அது எப்போதும் அப்படித்தான்' என்று பதில் சொல்லும் தோட்டங்களில்தான் மரணம் நடக்கிறது.

அடுத்தது பாம்பு. முட்டிவரை ரப்பர் பூட்ஸ், தலையில் கட்டும் விளக்கு இரண்டும் தோட்டத்துச் செலவு. கைவிளக்கு வேண்டாம், மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் வேண்டும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்த இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது. வலி இல்லை என்று படுத்துவிடக் கூடாது.

கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லையென்றால் இரவு முறையே போடாதீர்கள். மலையடிவாரத்தில் யானை வரும் காலத்திலும் அப்படியே; அந்த மாதங்களில் இரவு மின்சாரத்தை ஆட்டோவில் தொட்டி நிரப்ப மட்டும் வையுங்கள்.

தொட்டி கட்டினால் இரவு முறையை முழுவதுமாக ஒழிக்கலாமா? எவ்வளவு பெரிதாக வேண்டும்?

நிலத்தின் மேட்டுப் பகுதியில் இடம் இருந்தால் ஒழிக்கலாம். இரவு 3 மணி நேர ஓட்டம் முழுவதும் சேர வேண்டுமானால் 1.08 லட்சம் லிட்டர். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். தளும்பாமல் இருக்க இன்னும் ஒரு சாண் உயரம் கூட்டிக்கொள்ளுங்கள். பகலில் அதிலிருந்து வாய்க்காலில் விட்டால் மின்சாரம் போய் வந்தாலும் மடை நிற்காது. ஆள் தன் நேரத்துக்கு வேலை செய்யலாம். சொட்டுநீருக்கு மட்டும் தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் போதாது, இன்னொரு மோட்டார் வேண்டியிருக்கும். எனவே வாய்க்கால் பயிர் அதிகமுள்ள தோட்டத்துக்குத் தொட்டி, சொட்டுநீர் அதிகமுள்ள தோட்டத்துக்கு நேரடி ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் இருக்கும் சாளை என்றால் தொட்டியைச் சுற்றி வேலி போட்டாக வேண்டும்.

பங்காளிகள் மூன்று பேருக்கு ஒரே கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒருவர் நாளில் மின்சாரம் வராவிட்டால் சண்டை வருகிறது.

நாள் கணக்கை விட்டுவிட்டு மோட்டார் ஓடிய மணிக் கணக்குக்கு மாறுங்கள். பேனலில் மணி காட்டும் மீட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியன் பொருத்தித் தருவார். மோட்டார் ஓடும்போது மட்டும்தான் அது நகரும். மூன்று பேருக்கும் நில அளவுப்படி சுற்றுக்கு இத்தனை மணி நேரம் என்று பிரித்து, ஒருவர் மீட்டரில் தன் மணி முடிந்ததும் அடுத்தவருக்கு விட வேண்டும், அது நள்ளிரவாக இருந்தாலும். ஒருவருக்கே எப்போதும் இரவு நேரம் விழாமல் இருக்க, சுற்று தொடங்கும் ஆளை முறைக்கு முறை மாற்றுங்கள். கோடையில் கிணறு வறண்டு மோட்டார் நின்றால் அந்த நேரம் யார் கணக்கிலும் ஏறாது, மீட்டரும் நகராது.

நோட்டில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்? எங்கள் ஆட்களுக்கு அதிகம் எழுத வராது.

ஐந்து விவரம் போதும்: மின்சாரம் வந்த நேரம், நின்ற நேரம், வோல்ட், ஆம்பியர், எந்த மடை வரை போனது. எழுத வராதவர் மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் நேரமும் அதிலேயே இருக்கும். மும்முனைக்கு 415 வோல்ட் வர வேண்டும். 350-க்குக் கீழே நின்றால் மோட்டாரை எடுக்க வேண்டாம் என்று சொல்லி, வோல்ட்மீட்டர் முள்ளில் அந்த இடத்துக்குச் சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள்.

ஒரு மாத நோட்டைக் கூட்டிப் பார்த்தால் பகலில் உருப்படியாகக் கிடைப்பது ஐந்து மணி நேரமா நான்கா என்று தெரிந்துவிடும். நான்குதான் என்றால் மேலே சொன்ன மஞ்சள் கணக்கு நான்கு நாளிலிருந்து ஐந்து நாளாகும். உரத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ள வேண்டிவரும், காலி நாள் இருக்காது. அப்போது மஞ்சளில் ஒரு ஏக்கரையாவது சொட்டுநீருக்கு மாற்றுவதா, மூன்றாவதாக ஒரு ஆளை எடுப்பதா என்ற கேள்வி வரும். மின்சார நேரம் குறைந்ததற்கு ஆளைக் கூட்டிப் பயனில்லை. ஒரே மோட்டாரிலிருந்து வரும் தண்ணீருக்கு இரண்டு பேர் மடை பிடிக்க முடியாது. சொட்டுநீர்க் குழாய்க்கு விலை கேட்கத் தொடங்குங்கள்.